நூற்று நாற்பத்தோராம் படி

முதல் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்குப் பூச்சிக்காரி ராஜினாமா மெயிலை அனுப்பிவிட்டாள்.

பூச்சிக்காரி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். மென்பொருளில் இருக்கும் பிழையைப் பூச்சி என்று சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். அதைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. புரோகிராமர்கள் எழுதித் தருவதை வாங்கித் தட்டுவாள், உலுக்குவாள், வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் பயன்படுத்துவாள், கடைசியில் இது இங்கே இடிக்கிறது என்று எழுதிக் கொடுப்பாள். மருத்துவமனை வார்டுகளில் நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுத்தார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் அது. பதினோரு வருஷமாக அவள் சரி என்று சொல்லாமல் ஒரு புதுப் பதிப்புகூட வெளியே போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்று புரோகிராமர்கள் சொல்வார்கள்.

மெயிலை நாலு தடவை எழுதி அழித்திருந்தாள். முதல் வரைவில் கோபம் தெரிந்தது, இரண்டாவதில் அழுகை தெரிந்தது, மூன்றாவது ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டுவிட்டது. நாலாவதுதான் போனது.

"பொருள்: ராஜினாமா. வணக்கம் சார். மென்பொருள் சோதனையாளர் பொறுப்பிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். இந்த மெயிலை இரண்டு மாத முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். என் கடைசி வேலைநாள் அடுத்த மாதம் முப்பதாம் தேதி. அதற்குள் என் பொறுப்பிலுள்ள சோதனைப் படிகள், முடியாமல் இருக்கும் புகார்கள், சோதனைக் கணினிகளின் கடவுச்சொற்கள் அனைத்தையும் நீங்கள் சொல்பவரிடம் ஒப்படைக்கிறேன். அவர் தனியாக ஒரு பதிப்பைச் சோதித்து முடிக்கும்வரை உடனிருந்து உதவுகிறேன். இத்தனை ஆண்டுகள் தந்த வாய்ப்புக்கு நன்றி."

அவ்வளவுதான். பதினோரு வருஷத்தை மடித்தால் பத்து வரிக்குள் அடங்கிவிடுகிறது.

மேனேஜர் உடனே கூப்பிட்டார். சம்பளமா, யாராவது ஏதாவது சொன்னார்களா, வேறு பிரிவு வேண்டுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். புது வேலை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இங்கே வர இரண்டு பஸ், போக இரண்டு பஸ், நாளைக்கு மூன்று மணி நேரம் ரோட்டில் கரைகிறது. அவள் கணவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், ஏழரைக்குத்தான் வருவார். எட்டாவது படிக்கும் மகள் மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வந்து, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, ஏழு மணி வரை தனியாக இருக்கிறாள். இது போன வருஷம் வரை சமாளிக்கக்கூடியதாக இருந்தது. இந்த வருஷம் அந்தப் பெண் பேச்சையே குறைத்துவிட்டது. அம்மா வந்ததும் ஒன்றும் சொல்வதில்லை, வந்ததை மட்டும் பார்க்கிறது.

மேனேஜரும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். சரி என்றார்.

புது இடத்தில் ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றாம் தேதி காலை சேர வேண்டும், கையில் பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இருக்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்தக் கடிதத்தைக் கொடுப்பது இங்கே எச்.ஆர். அம்மா. ஒப்படைப்பு முழுதாக முடிந்தது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த அம்மாளின் பிரிண்டர் அசையும்.

மகள் அன்றைக்கே நாட்காட்டியில் நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டாள். அறுபது.

*

ஒப்படைப்பு வாங்கிக்கொள்ள வந்தவர் போன் அண்ணன். ஐம்பதைத் தொடப் போகிறவர். ஒன்பது வருஷமாக வாடிக்கையாளர் பிரிவில் உட்கார்ந்து, மருத்துவமனைகளிலிருந்து வரும் போன்களை எடுத்துத் திட்டு வாங்குவதே தொழிலாக இருந்தவர். காது வலிக்கிறது, வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டதில் சோதனைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பூச்சிக்காரிக்கு முதலில் எரிச்சல்தான். யாராவது படித்துவிட்டு வந்த சோதனைக்காரரைத் தருவார்கள் என்று பார்த்தால், போன் எடுக்கிறவரைத் தந்திருக்கிறார்களே என்று வீட்டில் புலம்பினாள். நல்ல மனுஷனா என்று கணவன் கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் ஏன், ஏன், ஏன் என்று உயிரை எடுக்கிறார் என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏன் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவளிடம் ஒரு தாள் இருந்தது. தாள் என்றால் கணினியில் இருக்கும் பட்டியல். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் செய்து பார்க்க வேண்டிய இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். நோயாளியைச் சேர், மருந்தை எழுது, அளவை மாற்று, கொடுத்ததாகப் பதி, தவறான பெயரில் உள்ளே நுழைய முயற்சி செய், வலைத்தொடர்பைப் பிடுங்கிவிட்டுச் சேமி. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு.

போன் அண்ணன் ஒவ்வொரு படியிலும் நின்றார். இது ஏன், இதற்கு அப்புறம் அது ஏன், எந்த மருத்துவமனையில் இப்படிச் செய்வார்கள் என்று. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். இரண்டாவது வாரம் அவளுக்கே ருசி தட்டிவிட்டது. தான் எழுதியதை ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் படிப்பது பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் அவள் முழித்த இடங்களும் இருந்தன. அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, மறுநாள் சொன்னாள். ஒப்படைப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆறாவது வாரத்தில் நூற்று நாற்பத்தோராம் படிக்கு வந்தார்கள். அவருக்கு அது முதல் முறையாகத் தனியாகச் செய்து பார்க்கும் சுற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவே.

படி இதுதான். இரண்டு கணினிகளில் ஒரே நோயாளியின் மருந்துப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஒன்று நர்ஸ் பெயரில், இன்னொன்று டாக்டர் பெயரில். டாக்டர் ஒரு மருந்தின் அளவைப் பத்து மில்லியிலிருந்து ஐந்தாகக் குறைத்துச் சேமிக்கிறார். ஒரு நிமிடம் காத்திருக்கவும். பிறகு நர்ஸ், காலை மருந்து கொடுத்தாயிற்று என்று டிக் செய்து சேமிக்கிறார். அளவு ஐந்தாகவே இருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம் ஏன் காத்திருக்கணும்?" என்று கேட்டார் போன் அண்ணன்.

சோதனைக் கணினி மெதுவாக வேலை செய்யும், டாக்டர் சேமித்தது போய்ச் சேர நேரம் எடுக்கும் என்றாள். உண்மையில் அவள் நினைத்ததும் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் படி ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு என்று அவளை ஆட்டிவைத்தது. பதிப்பு வெளியாகும் நாள், மேனேஜர் வாசலில் நிற்கிறார். ஒரு நிமிடம் விட்டுச் செய்து பார்த்தாள், பச்சை. மறுபடி செய்தாள், பச்சை. பத்துத் தடவையும் பச்சை. அந்த ஒரு வரியைத் தாளில் சேர்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் அந்தப் படி ஒரு நாளும் சிவந்ததில்லை.

"வார்டுல யாரும்மா ஒரு நிமிஷம் காத்திருப்பா? எதிர்ல எட்டுப் பேஷன்ட் இருப்பாங்க" என்றார் அவர்.

சொல்லிக்கொண்டே, டாக்டர் கணினியில் சேமித்த கையோடு நாற்காலியை நகர்த்தி, நர்ஸ் கணினியில் டிக் போட்டுச் சேமித்துவிட்டார்.

அளவு பத்து என்று காட்டியது.

இருவரும் பார்த்தார்கள். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார்கள். பத்துதான். மறுபடி செய்தார்கள். டாக்டர் ஐந்தாக்கினார், நர்ஸ் டிக் போட்டார், பத்து. அவளுக்குப் புரிந்துவிட்டது. நர்ஸ் பக்கம் முப்பது விநாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் காத்திருந்தால் அதற்குள் டாக்டர் எழுதிய ஐந்து வந்து சேர்ந்துவிடும், படி பச்சையாகும். காத்திருக்காமல் சேமித்தால், நர்ஸ் போட்ட டிக்கோடு சேர்த்து அந்தப் பக்கத்தில் பழையபடி இருக்கும் பத்தையும் அள்ளிக்கொண்டுபோய் எழுதிவிடும். டாக்டர் குறைத்த அளவு போயே போய்விடும். முன்னொரு காலத்தில் ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு வந்ததும் இதனால்தான். கணினி மெதுவாகவெல்லாம் இல்லை. அவள் வைத்த அந்த ஒரு நிமிடம், பூச்சியைப் பிடிக்காமல் போர்வை போட்டு மூடியிருக்கிறது.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தாள். அதில், அளவைப் பத்தாக மாற்றியவர்: நர்ஸ், என்று இருந்தது.

போன் அண்ணன் குனிந்து அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

பிறகு நிமிர்ந்து சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. டாக்டர் வலி மருந்தைக் குறைத்திருந்தும் அடுத்த வேளை பழைய அளவே கொடுக்கப்பட்டிருக்கிறது. நோயாளி ஒன்றரை நாள் தூங்கிக் கிடந்து பிழைத்துக்கொண்டார். அளவைக் கூட்டியது யார் என்று கேட்டார்கள், பதிவில் ஒரு நர்ஸின் பெயர் இருந்தது. நான் தொடவே இல்லை என்று அந்த நர்ஸ் சொன்னதால், தலைமை நர்ஸ் புகாரைப் போட்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்கே நாலு தடவ போன் பண்ணிச்சும்மா. நான் டிக் மட்டும்தான் போட்டேன் சார், டிக் மட்டும்தான் போட்டேன் சார்னு. சிஸ்டம் தானா எதையும் மாத்தாதும்மான்னு நான் சொன்னேன்."

அதற்கப்புறம் அந்தப் பெண்ணை வார்டிலிருந்து எடுத்து, துணி எண்ணுகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாராம்.

பூச்சிக்காரி பழைய புகாரைத் தேடி எடுத்தாள். அடியில் முடிவு எழுதியிருந்தது. "எங்கள் சோதனைக் கணினியில் பத்து முறை செய்து பார்த்தோம். மீண்டும் நிகழவில்லை. பதிவின்படி மாற்றம் பயனரால் செய்யப்பட்டது. புகார் முடிக்கப்படுகிறது." கீழே அவள் பெயர். எப்படி நிகழும்? தாளில் இருந்தபடி பத்து முறையும் ஒரு நிமிடம் ஒழுங்காகக் காத்திருந்து அல்லவா செய்திருக்கிறாள்.

எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

*

பூச்சியைத் திருத்துவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. புரோகிராமர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டான். பக்கத்தைத் திறந்த பிறகு வேறு யாராவது அதை மாற்றியிருந்தால், சேமிக்க விடாமல் நிறுத்தி, புதுப்பித்துவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லும். பூச்சிக்காரியும் போன் அண்ணனும் காத்திருக்காமல் ஐம்பது தடவை செய்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் திருத்தம் போய்விட்டது. இனிமேல் யாருக்கும் தப்பான அளவு போகாது. அந்த வரையில் நிம்மதி.

மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல காரியம் செய்தீர்கள், சரியான நேரத்தில் பிடித்தீர்கள் என்றார். இதைப் புதுப் புகாராகப் பதிந்திருக்கிறோம், திருத்தியாயிற்று, முடித்தாயிற்று, பழைய புகாரோடு இதை முடிச்சுப் போட வேண்டாம் என்றார்.

"அந்த நர்ஸ் சார்?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய புகாரைத் திறந்தால் மருத்துவமனை விசாரணை வைக்கும், வக்கீல்கள் வருவார்கள். அன்றைக்குச் சோதித்தது யார் என்றால் உங்கள் பெயர். விசாரணை முடியும்வரை உங்களை விடக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று வரிசையாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரிதான் சொன்னார்.

"உங்க பொண்ணுக்காகத்தான போறீங்க. முப்பதாம் தேதி நிம்மதியா கிளம்புங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அடுத்த பதிப்பு வரும், அடுத்த அவசரம் வரும், துணி எண்ணும் அறையில் ஒருத்தி எண்ணிக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தன்மேல் வந்த கோபத்தை, பாதி மேனேஜர்மேலும் பாதி அந்தத் தலைமை நர்ஸ்மேலும் போட்டுத் திட்டினாள். புது இடத்தில் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்கக் கேட்டுப் பாரேன் என்றார் கணவன். மறுநாள் கேட்டாள். மிகவும் மரியாதையாக, மிகவும் வருத்தத்தோடு, முடியாது என்றார்கள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவன் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ எது செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா அவகிட்ட நீதான் சொல்லணும்."

மகளிடம் சொன்னாள். முழுதாகச் சொன்னாள், எட்டாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி. நான் செய்த தப்புக்கு இன்னொருத்தர் தண்டனை அனுபவிக்கிறார், அதைச் சொன்னால் புது வேலை போய்விடும் என்றாள். மகள் நாட்காட்டிப் பக்கம் பார்க்கவில்லை. அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா என்று கேட்டாள். தெரியாது என்றாள் அம்மா. சரி என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். குழாயை ரொம்ப நேரம் திறந்துவைத்திருந்தாள். பூச்சிக்காரி எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள், கழுவிய தட்டையே வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பழைய புகாரைத் திரையில் திறந்தாள். போன் அண்ணன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தப் புகார்ப் பதிவில் ஒரு குணம் உண்டு. முடித்த புகாரை யார் மறுபடி திறந்தாலும், புகார் கொடுத்தவருக்கு அந்தக் கணமே ஒரு மெயில் போய்விடும். நிறுத்த முடியாது, திரும்ப எடுக்க முடியாது. ஒன்பது வருஷம் அந்த மெயில்களுக்குப் பதில் சொன்னவருக்கு அது தெரியாதா என்ன.

"அழுத்தினா போயிடும்மா. தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டினாள். அவள் எழுதியது இது. "இந்தப் புகாரை நான்தான் தவறாக முடித்தேன். என் சோதனையில் ஒரு நிமிடம் காத்திருக்கும் படி இருந்ததால் பிழை எனக்குத் தெரியாமல் போனது. காத்திருக்காமல் சேமித்தால், டாக்டர் மாற்றிய அளவு பழைய அளவாகத் திரும்புகிறது. மாற்றியவர் என்று நர்ஸின் பெயர் தவறாகப் பதிவாகிறது. உங்கள் நர்ஸ் சொன்னது உண்மை." படித்துப் பார்த்தாள். தவறாக என்ற சொல் இரண்டு தடவை வருகிறதே என்று நினைத்தாள். இருக்கட்டும் என்று அழுத்தினாள்.

பன்னிரண்டு மணிக்குள் மேல்மாடி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் அவளைத் திட்டவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. சாயங்காலம் எச்.ஆர். அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. மருத்துவமனை விசாரணை முடியும்வரை ஒப்படைப்பு முழுமை பெற்றதாகக் கருத இயலாது, ஆகவே கடைசி வேலைநாள் தள்ளிவைக்கப்படுகிறது என்று இருந்தது. புது நிறுவனத்துக்கு அவளே போன் செய்து சொன்னாள். அவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பும்போது இரண்டாவது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சரியானதைச் செய்தோம் என்கிற திருப்தியெல்லாம் ஒரு மண்ணும் வரவில்லை. வேலை போச்சே என்றுதான் அழுதாள்.

*

விசாரணையை ஒன்றாம் தேதிக்கே வைத்தார்கள். அவள் புது இடத்தில் காலடி வைத்திருக்க வேண்டிய அதே நாள். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நீள மேஜை போட்ட ஓர் அறை. மருத்துவமனை நிர்வாகி, தலைமை நர்ஸ், அவர்கள் பக்கம் ஒரு வக்கீல். இந்தப் பக்கம் மேனேஜர், இன்னொரு வக்கீல், போன் அண்ணன், பூச்சிக்காரி. திருத்துவதற்கு முந்தைய பதிப்பைப் புரோகிராமர் இரண்டு மடிக்கணினிகளில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

கடைசியாக அந்த நர்ஸ் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சீருடையில் இல்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கூப்பிட்டால் எழுந்து போய்விட வசதியாக, விளிம்பில் உட்கார்ந்தாள். போன் அண்ணன் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். நாலு போனில் கேட்ட குரல் அல்லவா. அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

பூச்சிக்காரி விளக்கினாள். அன்றைக்குச் சோதித்தது நான்தான், தவறு என்னுடையது என்று முதலில் சொன்னாள். தங்கள் பக்கத்து வக்கீல் இருமினார். அவள் நிறுத்தவில்லை. பிறகு செய்து காட்டினாள். டாக்டர் கணினியில் பத்தை ஐந்தாக்கிச் சேமித்தாள், நர்ஸ் கணினியில் டிக் போட்டுச் சேமித்தாள். பத்து. பதிவைத் திறந்து காட்டினாள். மாற்றியவர்: நர்ஸ்.

நிர்வாகி முன்னால் குனிந்து பார்த்தார். தலைமை நர்ஸ் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வக்கீல்கள் எழுதினார்கள். கதவுப் பக்கம் இருந்தவள் மட்டும் நகரவில்லை.

"இன்னொரு தடவ காட்டுறீங்களா?" என்றாள்.

காட்டினாள். பத்து.

"இன்னொரு தடவ."

மறுபடி காட்டினாள். நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார், போதும் என்று சொல்லப் போனவரைத் தலைமை நர்ஸ் கையசைத்து நிறுத்தினார். நாலாவது தடவையில் அந்தப் பெண் எழுந்து மேஜை அருகே வந்து நின்றாள்.

"நான்தான் செஞ்சேனோன்னு நினைக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாள், யாரைப் பார்த்தும் சொல்லாமல். "எல்லாரும் சொன்னாங்க. அதுல என் பேரு இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல என் கைதான் பண்ணிருச்சோன்னு. ஒன்றரை வருஷமா நான் எதச் செஞ்சாலும் ரெண்டு தடவ பாக்குறேன். வீட்ல அடுப்ப அணைச்சேனான்னு எம் பையன எழுப்பிக் கேக்குறேன்."

பூச்சிக்காரிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. நேற்றிலிருந்து அதற்கு வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து, நர்ஸ் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்களே பண்ணிப் பாருங்க" என்றாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பூச்சிக்காரி டாக்டர் கணினியில் ஐந்து என்று போட்டுச் சேமித்துவிட்டுத் தலையசைத்தாள். அந்தப் பெண் ஒரே ஒரு விரலால் டிக் போட்டாள், சேமித்தாள், உடனே இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கணினியின் திரையில் ஐந்து பத்தாக மாறியது.

"பாருங்க மேடம்" என்றாள் தலைமை நர்ஸிடம், தூக்கிய கைகளை இறக்காமலே. "நான் அதத் தொடவே இல்ல."